ஆறு எட்டான கதை: கோப்பைச் சுருக்கும்போது எதை விடலாம், எதை விடக்கூடாது

(நூலக வாசகர் வட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



2013ஆம் ஆண்டு ஜூலை மாதம் ஜெர்மனியில் ஒரு நிறுவனம் ஒரு கட்டட வரைபடத்தை ஸ்கேன் செய்தது. வரைபடத்தில் மூன்று அறைகள். ஒவ்வொன்றுக்கும் நடுவில் அதன் பரப்பு சதுர மீட்டரில் குறித்திருந்தது: 14.13, 21.11, 17.42. ஸ்கேன் ஆகி வந்த கோப்பைத் திறந்து பார்த்தால் மூன்று அறைக்குமே 14.13 என்று இருந்தது. எழுத்து மங்கவில்லை, கறை இல்லை, கோணல் இல்லை. பளிச்சென்று, திருத்தமாக, தப்பான எண் இருந்தது. கண்ணுக்குப் பெரிதாகத் தெரிகிற அறையும் சிறிய அறையும் ஒரே பரப்பு என்று இருந்ததால்தான் யாரோ ஒருவர் சந்தேகப்பட்டார்.

அந்த இயந்திரம் ஜெராக்ஸ் நிறுவனத்தின் வொர்க்சென்டர் வகையைச் சேர்ந்தது. விஷயத்தை ஆராய்ந்தவர் டேவிட் கிரீசல் என்ற கணினி அறிவியலாளர். எழுத்துகளைப் படித்து உரையாக மாற்றும் ஓசிஆர் மென்பொருளின் கோளாறாக இருக்கும் என்றுதான் கேட்டவர்கள் முதலில் நினைத்தார்கள். ஆனால் அந்த ஸ்கேனில் ஓசிஆர் பயன்படுத்தப்படவே இல்லை. வெறும் படமாக எடுத்ததில்தான் எண் மாறியிருந்தது. காரணம், கோப்பின் அளவைக் குறைப்பதற்காக இயந்திரம் செய்த சுருக்கம்.

இன்றைய பேச்சு அந்தச் சுருக்கத்தைப் பற்றியது. கோப்பைச் சுருக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று இழப்பில்லாச் சுருக்கம், லாஸ்லெஸ் என்பார்கள். விரித்தால் பழையபடி ஒரு பிட் கூட மாறாமல் திரும்ப வரும். மற்றொன்று இழப்புள்ள சுருக்கம், லாஸி. விரித்தால் வருவது பழையது அல்ல, பழையதைப் போன்ற ஒன்று. புகைப்படத்துக்கும் பாட்டுக்கும் இரண்டாவது வழி பெரும்பாலும் பொருந்துகிறது. எழுத்துக்கு அது ஆகாது. ஏன் ஆகாது என்பதை அந்த மூன்று அறைகள் சொல்லும். அதற்கு முன் எது எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிடுவோம்.

முதலில் இழப்பில்லாத வழி. நம் தமிழ் உரைக் கோப்பையே எடுத்துக்கொள்ளலாம். இணையத்தில் பரவலாக உள்ள யுடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட் போதும். தமிழில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட் ஆகிறது. ‘தமிழ்’ என்று தட்டினால் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறியீடுகள்; 15 பைட். அந்த மூன்று பைட்டையும் பிரித்துப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும்:

```
த  E0 AE A4
ம  E0 AE AE
ி  E0 AE BF
ழ  E0 AE B4
்  E0 AF 8D
```

முதல் பைட் எப்போதும் E0. இரண்டாவது AE அல்லது AF, இரண்டில் ஒன்று. ஆக, எந்த எழுத்து என்ற சேதி முழுவதும் மூன்றாவது பைட்டிலும் இரண்டாவதின் ஒரே ஒரு பிட்டிலும் அடங்கிவிடுகிறது. தமிழுக்கு யூனிகோட் ஒதுக்கிய இடங்கள் 128. அதில் எது என்று சொல்ல 7 பிட் போதும். நாம் செலவழிப்பதோ 24 பிட். மீதி 17 பிட்டும் திரும்பத் திரும்ப வரும் ஒரே அடையாளம். அதை எடுத்துவிட்டாலும் திரும்பப் போட்டுவிட முடியும், ஏனென்றால் அது என்னவென்று முன்கூட்டியே தெரியும்.

சுருக்கும் மென்பொருள்கள் இதை இரண்டு உத்திகளால் சாதிக்கின்றன. ஒன்று டேவிட் ஹஃப்மன் 1952இல் வெளியிட்டது: அடிக்கடி வருவதற்குக் குட்டைக் குறியீடு, அபூர்வமாக வருவதற்கு நீளக் குறியீடு. மற்றொன்று ஆபிரகாம் லெம்பலும் ஜேக்கப் ஸிவும் 1977இல் தந்தது: முன்னால் வந்த தொடர் மறுபடி வந்தால் அதை மறுபடி எழுதாதே; இத்தனை இடம் பின்னால் போ, அங்கிருந்து இத்தனை பைட்டை எடுத்துக்கொள் என்று மட்டும் எழுது. இந்த இரண்டும் சேர்ந்ததுதான் டிஃப்ளேட். ஜிப் கோப்பில் இருப்பது அது. பிஎன்ஜி படத்தில் இருப்பதும் அதுதான். நீங்கள் அனுப்பும் டாக்எக்ஸ் கோப்பே உண்மையில் ஒரு ஜிப் பொட்டலம். ஓர் அரசாணையில் ‘மேற்படி பத்தி 2இல் கண்டுள்ளவாறு’ என்பது பத்து முறை வந்தால் ஒன்பது முறை அது சில பிட்டுகளாகிவிடும். எழுத்து ஒன்றும் மாறாது.

அப்படியானால் எல்லாவற்றையும் இப்படியே சுருக்கிவிட்டால் என்ன? முடியாது. இது பொறியாளரின் திறமைக் குறைவல்ல, கணக்கு. மூன்று பிட் நீளமுள்ள கோப்புகள் மொத்தம் எட்டு. அதைவிடக் குட்டையானவை எத்தனை? இரண்டு பிட்டில் நான்கு, ஒரு பிட்டில் இரண்டு, வெற்றுக் கோப்பு ஒன்று, ஆக ஏழு. எட்டுப் பேருக்கு ஏழு இடம். இரண்டு பேரை ஒரே இடத்தில் வைத்தால் விரிக்கும்போது எவர் என்று தெரியாது. எனவே குறைந்தது ஒன்றாவது சுருங்க மறுக்கும். நீளம் எவ்வளவானாலும் இதே கணக்குத்தான். திரும்ப வருவது எதுவும் இல்லாத கோப்பை இழப்பில்லாமல் சுருக்க வழியில்லை.

புகைப்படம் பெரும்பாலும் அந்த வகை. 12 மெகாபிக்சல் கைபேசிப் படம் ஒன்றில் 4000க்கு 3000 புள்ளிகள். ஒவ்வொன்றுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று பைட். மொத்தம் 36 மெகாபைட். நம் கண்ணுக்கு ஒரே வெள்ளையாகத் தெரிகிற சுவரை எடுத்துப் பாருங்கள். பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் 201, 203, 200, 202 என்று துள்ளிக்கொண்டிருக்கும். அது சுவரில் இருப்பதல்ல, கேமராவின் உணரியில் எழும் இரைச்சல். அதில் ஒழுங்கு கிடையாது, ஆகவே சுருங்காது. இழப்பில்லாச் சுருக்கமோ அந்த இரைச்சலையும் ஒரு மதிப்புள்ள பொருளாக எண்ணி அப்படியே காப்பாற்றித் தந்தாக வேண்டும். அதனால்தான் ஒரு நல்ல புகைப்படத்தை பிஎன்ஜியாக மாற்றினால் ஏமாற்றமாக இருக்கிறது. அதே படம் ஜேபெக் ஆகும்போது நான்கைந்து மெகாபைட்டில் அடங்குகிறது.

ஜேபெக் என்ன செய்கிறது? 1992இல் தரநிலையான அந்த முறை இரண்டு இடங்களில் இழக்கிறது. முதலாவது நிறம். ஒவ்வொரு புள்ளியையும் ஒளியளவு ஒன்று, நிறவேறுபாடு இரண்டு என்று மூன்று எண்களாக மாற்றி எழுதுகிறது. நம் கண் ஒளியின் விளிம்பைக் கூர்மையாகப் பார்க்கும், நிறத்தின் விளிம்பை அவ்வளவு கூர்மையாகப் பார்க்காது. எனவே ஒளியை முழுவதும் வைத்துக்கொண்டு, நிறத்தை மட்டும் நான்கு புள்ளிகளுக்கு ஒன்றாகச் சுருக்கிவிடுகிறது. நான்கு புள்ளிக்கு 12 எண் இருந்த இடத்தில் இப்போது 6. பாதி போய்விட்டது, பார்ப்பவருக்குத் தெரியவில்லை.

இரண்டாவது இழப்பு இன்னும் நுட்பமானது. படத்தை எட்டுக்கு எட்டுக் கட்டங்களாக வெட்டுகிறது. ஒரு கட்டத்தில் 64 எண்கள். அவற்றைக் கொசைன் அலைகளின் கூட்டாக மாற்றி எழுதுகிறது. பெங்களூரில் பிறந்த நசீர் அகமது, டி. நடராஜன், கே. ஆர். ராவ் ஆகிய மூவர் 1974இல் வெளியிட்ட கணிதம் இது. மாற்றிய பிறகும் 64 எண்கள்தான். ஆனால் முதல் எண் கட்டத்தின் சராசரி வெளிச்சம். அடுத்தடுத்தவை மெல்லிய ஏற்ற இறக்கங்கள். கடைசியில் உள்ளவை புள்ளிக்குப் புள்ளி மாறும் நுண்துடிப்புகள். கண்ணுக்கு முதலில் உள்ளவை முக்கியம், கடைசியில் உள்ளவை அவ்வளவாக இல்லை.

இனிமேல்தான் இழப்பு. ஒவ்வொரு எண்ணையும் அதற்குரிய படியளவால் வகுத்து முழு எண்ணாக்குகிறது. தரநிலை ஆவணம் எடுத்துக்காட்டாகத் தந்துள்ள ஒளி அட்டவணையில் முதல் படி 16, கடைசிப் படி 99. முதல் எண் 395 என்று வைத்துக்கொள்வோம். 16ஆல் வகுத்தால் 24.7, 25 என்று எழுதப்படும். விரிக்கும்போது 25ஐ 16ஆல் பெருக்க 400 வரும். 395 போய் 400 வந்தது, கண்ணுக்கு வித்தியாசமில்லை. கடைசி எண் 31 என்று வைத்துக்கொள்வோம். 99ஆல் வகுத்தால் 0.31, பூஜ்யம். அந்தத் துடிப்பு ஒழிந்தது. இப்படி ஒரு கட்டத்தின் பின்பாதி முழுக்கப் பூஜ்யமாகிவிடும். பூஜ்யங்களை ஒரே குறியில் முடித்துவிட்டு, மிச்சமுள்ளதை ஹஃப்மன் முறையில் எழுதுகிறது. கவனியுங்கள்: லாஸி முறையின் கடைசிப் படியும் லாஸ்லெஸ்தான். நிறத்தைக் குறைத்ததை விட்டால், இழக்கிற இடம் வகுத்து முழு எண்ணாக்குகிற அந்த ஒரு படி.

படத்தைச் சேமிக்கும்போது ‘குவாலிட்டி 90’ என்று கேட்கிறதே, அது 90 விழுக்காடு மிஞ்சும் என்ற பொருளில் அல்ல. பரவலாகப் பயன்படும் லிப்ஜேபெக் மென்பொருளில் 50 என்றால் மேற்சொன்ன அட்டவணை அப்படியே. 90 என்றால் அதன் ஐந்தில் ஒரு பங்கு. 16 என்பது 3 ஆகும், 99 என்பது 20 ஆகும். அப்போது நம் 395 திரும்பி வரும்போது 396. 31 திரும்பி வரும்போது 40. பூஜ்யமாவதற்குப் பதில் ஏதோ பிழைக்கிறது. கோப்பு பெரிதாவதும் அதனால்தான்.

இதில் தப்பு நேர்ந்தால் எப்படித் தெரியும்? தெளிந்த வானத்தில் சதுரம் சதுரமாகக் கட்டம் தெரியும். கூர்மையான விளிம்பைச் சுற்றி அழுக்குப் பிசிறு தெரியும். கல்யாணப் பத்திரிகையைக் கைபேசியில் படமாக அனுப்பும்போது கறுப்புப் பின்னணியில் உள்ள சிவப்பு எழுத்து மட்டும் மங்கிக் கரைந்திருக்கும். நிறத்தை நான்கில் ஒன்றாக்கியதன் பலன். எழுத்தும் கோடும் உள்ள திரைப்படிவங்களை, ஸ்க்ரீன்ஷாட்டுகளை, பிஎன்ஜியில் வைக்கச் சொல்வது இதனால்தான். அவற்றில் இரைச்சல் இல்லை, ஒரே நிறப் பரப்புகள் அதிகம், டிஃப்ளேட்டே நன்றாகச் சுருக்கிவிடும்.

இன்னொன்று. ஜேபெக் படத்தைத் திறந்து, ஓரத்தை வெட்டி, வெளிச்சத்தைக் கூட்டி, மறுபடி ஜேபெக்காகச் சேமித்தால், கட்டங்கள் புதிய இடத்தில் விழுகின்றன, புதிதாக வகுக்கப்படுகின்றன. முன்பு வகுத்ததில் வந்த பிழையையும் சேர்த்துத்தான் இப்போது வகுக்கிறது. எனவே திருத்துகிற காலம் முழுவதும் ராவிலோ டிஃப்பிலோ இழப்பில்லாமல் வைத்திருந்து, கொடுக்கும்போது மட்டும் ஒரு முறை ஜேபெக் ஆக்குவது முறை.

பாட்டுக்கு வருவோம். சிடியில் ஒரு நொடிக்கு 44,100 மாதிரிகள், ஒவ்வொன்றும் 16 பிட், இடம் வலம் என இரண்டு. பெருக்கினால் நொடிக்கு 14,11,200 பிட். நான்கு நிமிடப் பாட்டு 42 மெகாபைட் ஆகிறது. 128 கிலோபிட் எம்பி3யில் அதே பாட்டு நான்கு மெகாபைட்டுக்கும் கீழே. பதினொன்றில் ஒரு பங்கு. மீதி எங்கே போயிற்று?

காது கேட்காத இடத்தில் போயிற்று. ஓர் உரத்த ஒலி, அதற்கு அருகிலுள்ள சுரத்தில் ஒலிக்கும் மெல்லிய ஒலியை மறைத்துவிடும். எம்பி3 குறியாக்கி ஒலியைச் சிறு சிறு துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் எந்த அதிர்வெண் உரக்க இருக்கிறது, அதன் நிழலில் எவை மறையும் என்று கணிக்கிறது. நிழலில் உள்ளவற்றுக்குக் குறைந்த பிட் கொடுத்துக் கரடுமுரடாக எழுதுகிறது. அதனால் எழும் இரைச்சலும் அதே நிழலுக்குள் அடங்கிவிட்டால் நமக்குக் கேட்காது. ஜெர்மனியின் எர்லாங்கனில் இதை உருவாக்கியவர்களில் முதன்மையானவர் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க். சூசன் வேகா பாடிய ‘டாம்ஸ் டைனர்’ என்ற பாட்டை வைத்து அவர் தம் முறையைத் திரும்பத் திரும்பச் சோதித்தார் என்பது பலருக்கும் தெரிந்த செய்தி. அந்தப் பாட்டில் பக்கவாத்தியமே கிடையாது, ஒற்றைப் பெண்குரல் மட்டும். பிழையை ஒளித்துவைக்க நிழல் இல்லாததால் அது கடுமையான பரீட்சை ஆயிற்று.

நம் கச்சேரிப் பதிவுகளில் சிக்கல் வேறோர் இடத்தில் வரும். கடத்திலோ கஞ்சிராவிலோ ஒரு சொல் ‘டக்’ என்று விழுகிறது. அது ஒரு துண்டின் நடுவில் விழுந்தால், குறியாக்கியின் பிழை அந்தத் துண்டு முழுவதும் பரவும். அடி விழுவதற்கு முந்தைய அமைதியிலும் பரவும். அடிக்குப் பின்னால் வரும் இரைச்சலை அடியே மறைத்துவிடும்; முன்னால் வருவதைச் சில மில்லிநொடிகளுக்கு மேல் மறைக்க முடியாது. எனவே அடிக்கு முன் மெல்லிய ‘ஸ்’ ஒன்று கேட்கும், அடியின் முனை மழுங்கும். இதைத் தவிர்க்க எம்பி3 இப்படிப்பட்ட இடங்களில் குட்டைத் துண்டுகளுக்கு மாறிக்கொள்கிறது. பிட் போதாதபோது அதுவும் கை கொடுக்காது. உங்கள் எம்பி3 நன்றாக இருக்கிறதா என்று பார்க்க விரும்பினால் பாட்டை விட்டுவிட்டுத் தனி ஆவர்த்தனத்தையும் அது முடிந்ததும் வரும் கைதட்டலையும் கேளுங்கள்.

இழப்பில்லாமல் வேண்டுமென்றால் ஃப்ளாக் உண்டு, 2001இல் வந்தது. முந்தைய சில மாதிரிகளைக் கொண்டு அடுத்த மாதிரி என்னவாக இருக்கும் என்று அது ஊகிக்கிறது. ஊகம் 1200, உண்மை 1207 என்றால் 7ஐ மட்டும் எழுதுகிறது. விரிப்பவரும் அதே ஊகத்தைச் செய்து 7ஐக் கூட்டிக்கொள்வார். ஒரு பிட் மாறாது. ஆனால் அளவு சிடியின் பாதிக்கோ அதற்குச் சற்று மேலோதான் குறையும். வீட்டில் கேட்கவும் கைபேசியில் வைக்கவும் நல்ல விகிதத்தில் எடுத்த எம்பி3யோ ஏஏசியோ போதும். ஸ்பூல் நாடாவிலிருந்து பழைய கச்சேரியை ஏற்றுகிறவர்கள் ஃப்ளாக்கில்தான் ஏற்ற வேண்டும். பின்னால் நாடாவின் இரைச்சலை நீக்க முயலும்போது, காதுக்குக் கேட்காது என்று எம்பி3 தூக்கி எறிந்ததெல்லாம் அங்கே தேவைப்படும்.

இதுவரை சொன்னதில் ஒரு பொதுத்தன்மை இருக்கிறது. ஜேபெக் கண்ணை அறிந்து வைத்திருக்கிறது, எம்பி3 காதை அறிந்து வைத்திருக்கிறது. வாங்கிக்கொள்ளும் புலனின் குறை தெரிந்ததால் அந்தக் குறைக்குள் இழக்கின்றன. அத்துடன், அளவு மீறி இழந்தால் அது தானே காட்டிக்கொடுத்துவிடும்: கட்டம் தெரியும், ‘ஸ்’ கேட்கும். சிறு பிழை சிறு பிழையாகவே இருக்கும். 395க்குப் பதில் 400 வந்ததால் பொன்னுசாமி முகம் பெருமாள் முகம் ஆகிவிடாது.

எழுத்துக்கு அப்படியொரு தளர்வு கிடையாது. 65க்கும் 85க்கும் நடுவில் ‘ஏறக்குறைய’ என்பது இல்லை. உரையைப் பெறுவது கண் அல்ல, பொருள். பொருளுக்குக் கேட்காத அதிர்வெண் என்று ஒன்று இல்லை. அதனால்தான் உரைக் கோப்புக்கு லாஸி முறையை யாரும் நேரடியாகப் பயன்படுத்துவதில்லை. ஆபத்து வருவது எழுத்து படமாக வேடம் போட்டு வரும்போது, அதாவது ஸ்கேன் செய்யும்போது.

இனி ஜெராக்ஸ் இயந்திரத்தைத் திறந்து பார்ப்போம். ஏ4 தாளை அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் கறுப்பு வெள்ளையாக ஸ்கேன் செய்தால் 2480க்கு 3508 புள்ளிகள். புள்ளிக்கு ஒரு பிட். ஒரு மெகாபைட்டுக்குச் சற்று மேல். இதைச் சுருக்க ஃபேக்ஸ் காலத்திலிருந்தே இழப்பில்லாத முறை உண்டு, சிசிஐடிடி குரூப் 4 என்று பெயர். அதற்கடுத்து 2000ஆவது ஆண்டில் வந்தது ஜேபிக்2. அது பக்கத்தில் உள்ள கறுப்புத் துண்டுகளைத் தனித்தனியாகப் பிரித்தெடுக்கும். ஏறக்குறைய ஒரே மாதிரி உள்ளவற்றை ஒரே குழுவில் சேர்த்து, ஒன்றின் படத்தை மட்டும் வைத்துக்கொள்ளும். மற்ற இடங்களில் ‘இங்கே அதைப் போடு’ என்ற குறிப்பு மட்டும். பழைய அச்சகத்தில் அச்சுக்கோப்பவர் ஓர் அறையிலிருந்து ஒரே எழுத்தை எடுத்து எடுத்து அடுக்குவாரே, அந்த மாதிரி. ஜேபிக்2இல் மூலத்துக்கும் அச்சுக்கும் உள்ள வேறுபாட்டையும் சேர்த்து எழுதி இழப்பில்லாமல் சுருக்கும் வழியும் உண்டு. அந்த வேறுபாட்டை விட்டுவிட்டால் கோப்பு இன்னும் சிறிதாகும். அந்த இயந்திரங்கள் செய்தது இதைத்தான்.

அறையில் எழுத்து மாறிக் கிடந்தால் என்ன ஆகும்? 7 புள்ளி அளவு எழுத்தில் அச்சிட்ட ஓர் எண், 200 டிபிஐயில் ஸ்கேன் செய்தால் ஏறக்குறைய 14 பிக்சல் உயரம் இருக்கும். அந்த 14 பிக்சலில் 6ஐயும் 8ஐயும் பிரித்துக் காட்டுவது மேல் வலப்புறத்தில் உள்ள சிறு திறப்பு மட்டுமே. இரண்டு மூன்று பிக்சல். அதே சமயம் மசி பரவுவதாலும் தாள் ஓடுவதாலும் ஒரே 6ஐ இரண்டு முறை ஸ்கேன் செய்தாலும் விளிம்புகளில் அதே அளவு பிக்சல்கள் மாறியிருக்கும். இயந்திரத்துக்குத் தெரிவது எத்தனை பிக்சல் மாறியிருக்கிறது என்ற எண்ணிக்கை. எந்தப் பிக்சல் பொருளைத் தாங்குகிறது, எது மசிக்கறை என்று அதற்குத் தெரியாது. மாற்றம் வரம்புக்குள் இருந்தால் இரண்டும் ஒன்று என்று முடிவு கட்டும். 6 இருந்த இடத்தில் 8ஐப் பதிக்கும். பதிக்கும் 8 வேறோர் இடத்திலிருந்து எடுத்த உண்மையான, நல்ல 8. அதனால்தான் அவ்வளவு பளிச்சென்று இருந்தது. கிரீசல் காட்டிய ஒரு விலைப்பட்டியலில் 65 என்பது 85 ஆகியிருந்தது. வரைபடத்தில் ஓரெழுத்து அல்ல, ஓர் எண் முழுவதுமே ஒரு துண்டாக எடுக்கப்பட்டு மூன்று அறையிலும் பதிக்கப்பட்டது.

2013 ஆகஸ்ட் தொடக்கத்தில் கிரீசல் இதை வெளியிட்டார். நிறுவனம் முதலில் தந்த விளக்கம், குறைந்த தர அமைப்பில் ஸ்கேன் செய்தால்தான் இப்படி நேரும், எழுத்து மாறக்கூடும் என்று அமைப்புப் பக்கத்தில் எச்சரிக்கையே உள்ளது என்பது. ஆனால் நகல் எடுப்பவர் எவரும் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்ப்பதில்லை. உயர்தர அமைப்பிலும் எண் மாறுவதை கிரீசல் காட்டினார். மென்பொருளில் பிழை இருப்பதை நிறுவனம் பிறகு ஒப்புக்கொண்டு அந்த மாத இறுதிக்குள் திருத்தம் வெளியிட்டது. ஆனால் ஏற்கெனவே ஸ்கேன் ஆகிவிட்ட கோப்புகளைத் திருத்தம் திருத்தாது. ஜெர்மனியின் தகவல் பாதுகாப்புத் துறையான பிஎஸ்ஐ, தாளை அழித்துவிட்டு ஸ்கேனை மட்டும் வைத்துக்கொள்வோருக்கான தன் வழிகாட்டியில் இந்த வகை உருப்பொருத்தச் சுருக்கத்தைப் பின்னர் விலக்கிவைத்தது.

நம் எழுத்துக்கு இது இன்னும் நெருக்கமான ஆபத்து. மெய்யெழுத்தின் புள்ளி உடலோடு ஒட்டாத தனித்துண்டு. ஸ்கேனருக்கு அது தூசியைப் போன்ற அளவு. ரகரத்துக்கும் கால் குறிக்கும் இடையே உள்ளது ஒரு சிறு கீழ்க்கோடு. பத்திரங்களிலும் பழைய கணக்கேடுகளிலும் சர்வே எண் சிறிய எழுத்தில்தான் இருக்கும். அங்கே 6 எட்டானால் யாரும் அறையின் அளவைப் பார்த்துச் சந்தேகப்படப் போவதில்லை.

நூலகத்திலும் அலுவலகத்திலும் ஆவணங்களை ஸ்கேன் செய்வோர் இந்த அவையில் இருப்பீர்கள். உங்கள் கையில் உள்ள பிடிஎஃப் எந்த முறையில் சுருக்கப்பட்டது என்று பார்க்க பாப்ளர் கருவித்தொகுப்பில் ஒரு கட்டளை உண்டு:

```
pdfimages -list scan.pdf
```

பட்டியலில் `enc` என்ற பத்தியைப் பாருங்கள். `ccitt` என்றால் அந்தச் சுருக்கத்தால் எழுத்து மாறியிருக்காது. `jpeg` என்றால் மங்கியிருக்கலாம், பிசிறு இருக்கலாம், ஆனால் ஓர் எண் இன்னோர் எண்ணாகியிருக்காது. `jbig2` என்றால் அது இழப்பில்லாததா, இழப்புள்ளதா என்று இந்தப் பட்டியல் சொல்லாது. இயந்திரத்தின் அமைப்பைத்தான் பார்க்க வேண்டும். சந்தேகமிருந்தால் 6, 8, 3 ஆகியவற்றைக் கலந்து 7 புள்ளி எழுத்தில் ஒரு பக்கம் அச்சிட்டு, அதே இயந்திரத்தில் வழக்கமான அமைப்பிலேயே ஸ்கேன் செய்து, மூலத்தோடு வரி வரியாக ஒப்பிடுங்கள். ‘சிறிய கோப்பு’ என்ற அமைப்பை ஆவணங்களுக்கு அணைத்து வையுங்கள். 300 டிபிஐக்குக் குறையாமல் எடுங்கள்; எண்ணுக்கு அதிகப் பிக்சல் கிடைத்தால் 6க்கும் 8க்கும் உள்ள இடைவெளி மசிக்கறையை மிஞ்சும். சரிபார்க்கும் வரை தாளைக் கழித்துவிடாதீர்கள். ஒப்பிட வேறு சாட்சி கிடையாது.

கடைசியாக, படம், பாட்டு, எழுத்து மூன்றுக்கும் பொதுவான ஒரு விதி. இழப்பில்லாததிலிருந்து இழப்புள்ளதை எப்போது வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். எதிர்த்திசையில் போக வழியில்லை. எம்பி3யை ஃப்ளாக் ஆக்கினால் கோப்பு பெரிதாகும், போன ஒலி வராது. ஜேபெக்கை பிஎன்ஜி ஆக்கினால் அந்தக் கட்டங்களும் பிசிறும்தான் பத்திரமாகக் காக்கப்படும். எனவே வைத்துக்கொள்வது ஒன்று, கொடுப்பது ஒன்று என்று பிரித்துக்கொள்ளுங்கள். வைத்துக்கொள்வது இழப்பில்லாததாக இருக்கட்டும். கொடுக்கும் நகலில் படமானால் ஜேபெக்கும் பாட்டானால் எம்பி3யும் தாராளமாக இருக்கலாம். எழுத்தானால் கொடுப்பதும் இழப்பில்லாததாகவே இருக்க வேண்டும்.